பெயர் மறந்த பாட்டைத் தேடி

பெயரும் மறந்துவிட்டது, வரியும் வரவில்லை. ஆனால் தாளம் மட்டும் விரலில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம். 1996-இல் டேனியல் லெவிடினும் பெரி குக்கும் நடத்திய ஆய்வில், பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடியவர்களில் பெரும்பாலோரின் வேகம் அசலுக்கு 8 சதவீதத்துக்குள் இருந்தது. நம் நினைவை நம்பலாம்.

மனதுக்குள் பாட்டை ஓடவிட்டு, 15 நொடிக்கு மேசையில் தட்டுங்கள். 23 தட்டு வந்தால் நான்கால் பெருக்க, நிமிடத்துக்கு 92. பிளேலிஸ்ட் கருவியில் அதையே எழுதுங்கள். வந்த பாட்டெல்லாம் துள்ளலாக இருந்தால், கருவி அதே தாளத்தை 184 என்று இரட்டிப்பாக எண்ணியிருக்கக்கூடும். இது அடிக்கடி நடக்கும் பிழை. '92, நிதானமான நடை' என்று சேர்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

'சோகப் பாட்டு' என்பது போதாது. ஒப்பாரியும் சோகம், தாலாட்டிலும் சோகம் உண்டு. 'இரவில் தனியாகக் கேட்பதுபோல, மெல்லிய பெண் குரல், ஏக்கம், அழுகை இல்லை' என்றால் வட்டம் சுருங்கும். வாத்தியங்களில் எது எங்கே வந்தது என்பதே முக்கியம்: 'தொடக்கத்தில் தனிக் கிதார், பல்லவிக்குப் பின் புல்லாங்குழல், தபலா, டிரம்ஸ் கிடையாது.' அந்தக் கடைசி 'கிடையாது' பல நேரம் மற்றதையெல்லாம்விட அதிகம் உதவும்.

முதல் பட்டியலில் அசல் பாட்டு கிடைப்பது அரிது. ஒத்த பாட்டு ஒன்று கிடைத்தால் அதன் இசையமைப்பாளரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அந்தக் காலத்துப் படங்களில் தேடுங்கள்.