மாவு பாக்கெட்டுக்கு யார் போட்டி?

மார்க்கெட்டிங் படிக்கும் மாணவர்களுக்குத் தவறாமல் வரும் வேலை, போட்டியாளர் ஒப்பீட்டு அட்டவணை. அம்சம், விலை, எட்டும் பரப்பு, பலவீனம் என நான்கு வரிசை. பலர் நிறுவனங்களின் இணையதளத்தைப் பார்த்தே அதை நிரப்பிவிடுகிறார்கள். அது அந்த நிறுவனங்களின் விளம்பரமாகத்தான் இருக்கும்.

இட்லி, தோசை மாவையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் பெங்களூருவில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் போல பாக்கெட் மாவு விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் ஒரு புதிய பாக்கெட் மாவைக் கொண்டுவருவதாக வைத்துக்கொண்டால், போட்டி அவர்கள் மட்டுமல்ல. தெருமுனையில் வாளியிலிருந்து அள்ளித் தரும் மாவுக் கடையும், வீட்டு கிரைண்டரும்கூடப் போட்டிதான். இவை இரண்டும் இல்லாத அட்டவணை பாதிச் சந்தையைத்தான் காட்டும்.

அதிகம் தவறு நடப்பது விலையில். பாக்கெட் மாவு கிலோ 70 ரூபாய், கடை மாவு 50 ரூபாய் என்று வையுங்கள். பார்த்ததும் கடை மாவுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் கடை மாவில் முன்பே தண்ணீர் சேர்ந்திருக்கலாம். பாக்கெட் மாவு கெட்டியாக இருக்கும், நாம்தான் கரைத்துக்கொள்வோம். ஒரே கரண்டியால் இரண்டையும் ஊற்றிப் பாருங்கள். பாக்கெட்டில் 16 தோசையும் கடை மாவில் 10 தோசையும் வந்தால், ஒரு தோசைக்கு முன்னது சுமார் 4 ரூபாய் 40 காசு, பின்னது 5 ரூபாய். இங்கே மலிவு பாக்கெட்தான். மாவை எடை போட்டே வாங்குங்கள். புளித்த மாவு காற்றேறிப் பொங்கியிருக்கும், பாத்திரத்தால் அளந்தால் ஏமாந்துபோவோம்.

எட்டும் பரப்பை அறிய நடந்துதான் ஆக வேண்டும். ஒரு பகுதியில் 20 கடைகளுக்கு மாலை ஏழு மணிக்குப் போய், மாவு இருக்கிறதா என்று குறியுங்கள். காலையில் போனால் எல்லாரிடமும் இருக்கும், வித்தியாசம் தெரியாது. குளிர்பெட்டி இல்லாத கடைகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். பாக்கெட் மாவு அங்கே நுழைய முடியாது, அந்த இடம் மாவுக் கடைக்காரருடையது.

பலவீனத்தை ஊகித்து எழுதாதீர்கள். "விளம்பரம் போதாது" என்பது எந்தப் பொருளுக்கும் பொருந்தும். வாங்குபவர்கள் 15 பேரிடம், "கடைசியாக இந்த மாவை வேண்டாமென்று விட்டது எப்போது, ஏன்?" என்று கேட்டு, ஒரே பதில் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். பாக்கெட் உப்பிப் புளித்துவிட்டது என்று ஆறு பேர் சொன்னால் அது பலவீனம். ஒருவர் மட்டும் சொன்னால் அவருடைய குளிர்பெட்டியிலேயேகூடக் கோளாறு இருக்கலாம்.

அட்டவணையின் தலைப்பில் எந்த ஊர், எந்தப் பகுதி, எந்தத் தேதியில் எடுத்த கணக்கு என்பதையும் எழுதுங்கள். உளுந்து விலை ஏறினால் மாவு விலையும் மாறிவிடும்.