ஞாயிறு மாலை ஐந்து மணி, இருபது நிமிடம்

வாரம் ஒருமுறை குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேசும் முறையை விரிவாக எழுதியவர் ருடால்ஃப் டிரைகர்ஸ். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மனநல மருத்துவர். 1964இல் வந்த ‘சில்ட்ரன்: த சாலஞ்ச்’ என்ற நூலில் இதைக் குடும்ப மன்றம் என்றார். அதில் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் சம குரல். தலைமை ஆள் மாறி மாறி வரும். எடுத்த முடிவு ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் அடுத்த கூட்டம் வரை நிற்கும்.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் தொடங்கும்போதே தடுக்கிவிடுகிறது. “எல்லாரும் வாங்க, பேசணும்” என்றாலே பிள்ளைகள் மார்க் விஷயம் என்று நினைப்பார்கள், பெரியவர்கள் பணப் பிரச்சினை என்று நினைப்பார்கள். அந்தப் பயத்தை முதல் பேச்சிலேயே போக்கியாக வேண்டும். மாமியார், கணவர், பத்தாம் வகுப்பு மகள், ஆறாம் வகுப்பு மகன் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அம்மா இப்படிச் சொல்லலாம்:

“சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க, ஒரு நிமிஷம்தான். அத்தையோட கண் ஆஸ்பத்திரியும் தம்பியோட ஸ்கூல் விழாவும் ஒரே நாள்னு முந்தின ராத்திரிதான் நமக்குத் தெரிஞ்சுது. யார் மேலயும் தப்பு இல்ல, நாம பேசிக்கிறதே இல்ல. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, டீ குடிச்சுக்கிட்டே இருபது நிமிஷம் உக்காரலாமா? மார்க் பத்திப் பேச்சு கிடையாது, யாரையும் திட்டுறதும் கிடையாது. நாலு வாரம் பார்ப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம். அத்தை, அஞ்சு மணி உங்களுக்குச் சரிப்படுமா? என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க? பாப்பா, தம்பி, நீங்க?”

எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கடத்தில் பேச்சு தொடங்குகிறது. அதைச் சொல்லும்போதே ‘யார் மேலயும் தப்பு இல்ல’ என்று சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணவர் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். நாலு வாரம் என்ற வரம்பு இருப்பதால் தயங்குபவரும் ஒப்புக்கொள்வார். கடைசியில் கேள்வி எல்லாரிடமும் போக வேண்டும், முதலில் மாமியாரிடம். மணி மாற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே மாற்றிவிடுங்கள். ஞாயிறு காலை கறிக்கடைக்கே போய்விடும், மதியம் தூக்கம். அதனால்தான் மாலையைச் சொன்னேன்.

ஒப்புதல் கிடைத்த பிறகுதான் நினைவூட்டல். பேச்சுக்கு முன்பே போனில் அழைப்பு வந்தால் அது உத்தரவு போலத் தெரியும். கூகுள் காலண்டரில் ‘டாஸ்க்’ என்று போட்டால் அது உங்கள் போனோடு நின்றுவிடும். அதனால் ‘ஈவென்ட்’ ஆகப் போட்டு, வாரந்தோறும் ஞாயிறு என்று வைத்து, மற்றவர்களின் மின்னஞ்சலைச் சேர்க்க வேண்டும். அழைக்கப்பட்டவர்களும் திருத்தலாம் என்ற அனுமதியையும் கொடுங்கள். அப்போது மகளும் தன் விஷயத்தை எழுத முடியும். அவள் திருத்தும்போது இந்த வாரத்துக்கு மட்டுமா, எல்லா வாரத்துக்குமா என்று கேட்கும். இந்த வாரம் மட்டும் என்று தேர்ந்தெடுக்கட்டும். விவரப் பகுதியில் இவ்வளவு போதும்:

```
இந்த வாரம் நல்லா நடந்தது: ஆளுக்கு ஒண்ணு
போன வாரம் சொன்னது முடிஞ்சதா?
வர்ற வாரம்: யார், எங்கே, எந்த நாள், எவ்வளவு செலவு
ஒரே ஒரு பிரச்சினை:
தலைமை: தம்பி
```

பாட்டியிடம் சாதாரண போன்தான் என்றால் நாலரை மணிக்குப் போய் நேரில் சொல்வது அந்த வாரத் தலைவரின் வேலை.

நாலாவது வரியில் ‘ஒரே ஒரு’ என்று இருப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று பிரச்சினைகளை எடுத்தால் இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகும், அடுத்த வாரம் மகளுக்கு டியூஷன் வந்துவிடும். முடிவில் ஆள் பெயரும் நாளும் இருக்க வேண்டும். “ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிட்டுப் போகலாம்” என்றால் யாரும் போகமாட்டார்கள். “செவ்வாய் காலை பத்து மணி, அப்பா” என்று எழுதினால் அடுத்த ஞாயிறு இரண்டாவது வரியில் அதைக் கேட்க முடியும்.

கூட்டம் விசாரணையாக மாறுவதை எளிதில் கண்டுபிடிக்கலாம். பிள்ளைகள் ‘ம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், முதல் வரிக்கு “ஒண்ணுமில்ல” என்று பதில் வரும். பெரும்பாலும் பெரியவர் ஒருவர் மார்க்கையோ பழைய சண்டையையோ இழுத்திருப்பார். அந்த வாரம் பிரச்சினை வரியை விட்டுவிட்டு, வர்ற வாரத்து வேலைகளை மட்டும் பேசிப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். இந்தக் கூட்டத்துக்கு எல்லையும் உண்டு. குடி, அடிதடி, கணவன் மனைவிக்கு இடையிலான கடன் தகராறு போன்றவற்றைப் பிள்ளைகள் முன்னால் இங்கே எடுக்கக் கூடாது.

நாலாவது ஞாயிறு, பிரச்சினை வரியில் இந்தக் கூட்டத்தையே எழுதுங்கள். தொடரலாமா, மணியை மாற்றலாமா என்பதை அன்றைக்குத் தலைமை ஏற்பவர் கேட்கட்டும்.