கேஷில் இடம் இருந்தும் தரவு ஏன் வெளியேறுகிறது?

செயலிக்கு வேண்டிய தரவு அதன் பக்கத்திலுள்ள கேஷ் நினைவகத்தில் இருந்தால், இன்றைய கணினிகளில் நான்கைந்து கடிகாரத் துடிப்புகளில் கைக்கு வந்துவிடும். இல்லையென்றால் முதன்மை நினைவகம் வரை போக வேண்டியிருக்கும். அதற்கு இருநூறு துடிப்புகள்கூட ஆகலாம். தேடியது கேஷில் கிடைத்தால் ஹிட், கிடைக்காவிட்டால் மிஸ். கேஷ் பெரிதாக இருந்தால் மிஸ் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு கேஷ்களுக்கு ஒரே முகவரி வரிசையைக் கொடுத்தாலும் மிஸ் எண்ணிக்கை வேறுபடுகிறது. எந்தத் தரவு எங்கே உட்காரலாம் என்ற விதிதான் அதற்குக் காரணம். தாளும் பேனாவும் இருந்தால் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்குக்காக 64 பைட் கொண்ட ஒரு சின்ன கேஷை எடுத்துக்கொள்வோம். அதில் 16 பைட் வீதம் நான்கு இடங்கள். முதன்மை நினைவகத்தையும் 16 பைட் தொகுதிகளாகவே பார்க்கிறோம்: 0 முதல் 15 வரையிலான முகவரிகள் தொகுதி 0, 16 முதல் 31 வரை தொகுதி 1, இப்படியே மேலே. முகவரியை 16-ஆல் வகுத்தால் வரும் ஈவுதான் தொகுதி எண். முகவரி 68 என்றால் தொகுதி 4.

டைரக்ட் மேப்டு கேஷில் தொகுதி எண்ணை 4-ஆல் வகுத்து வரும் மீதிதான் இடத்தின் எண். தொகுதி 0, 4, 8 எல்லாவற்றுக்கும் இடம் 0 ஒன்றுதான். பக்கத்து இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் சீட்டில் அச்சிட்ட எண்ணில்தான் உட்கார வேண்டும் என்ற ரயில் முன்பதிவு போன்றது இது. ஒரே எண் இருவருக்கு விழுந்துவிட்டால் முன்னவர் எழுந்துதான் ஆக வேண்டும்.

இரண்டு வழி செட் அசோசியேட்டிவ் கேஷில் அதே நான்கு இடங்களை, இரண்டு இரண்டாகச் சேர்த்து, இரண்டு செட்டுகளாக்குகிறோம். தொகுதி எண்ணை 2-ஆல் வகுத்த மீதி செட்டைக் காட்டும். செட்டுக்குள் இரண்டு இடங்களில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டும் நிரம்பியிருந்தால் எதை வெளியேற்றுவது? யாரைத் தொட்டு அதிக நேரம் ஆகிவிட்டதோ அவரை. இதுதான் எல்.ஆர்.யூ. விதி.

இனி முகவரி வரிசை. ஒரு நிரல் முதலில் நான்கு எண்களை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு நகலெடுக்கிறது. முதல் அணி முகவரி 0-இலும் இரண்டாவது 64-இலும் தொடங்குகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட். படிப்பதானாலும் எழுதுவதானாலும் இல்லாத தொகுதி கேஷுக்குள் கொண்டுவரப்படும் என்று வைத்துக்கொள்வோம். நகலெடுத்து முடித்ததும், அதே நிரல் 0, 32, 64 என்ற மூன்று முகவரிகளையும் மூன்று முறை சுற்றிவருகிறது.

```
0 64 4 68 8 72 12 76
0 32 64 0 32 64 0 32 64
```

முதல் வரியைத் தொகுதி எண்களாக மாற்றினால் 0, 4, 0, 4 என்று மாறி மாறி எட்டு முறை வரும். டைரக்ட் மேப்டு கேஷில் இரண்டுமே இடம் 0-க்குத்தான் போட்டியிடுகின்றன. தொகுதி 0 வந்து உட்காரும். உடனே 4 வந்து அதை எழுப்பும். மறுபடி 0 வந்து 4-ஐ எழுப்பும். எட்டும் மிஸ். மற்ற மூன்று இடங்களும் தொடப்படாமலே கிடக்கின்றன. செட் அசோசியேட்டிவ் கேஷில் இரண்டும் செட் 0-க்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். முதல் இரண்டு மட்டும் மிஸ். மீதி ஆறும் ஹிட்.

டைரக்ட் மேப்டு கேஷ் கொண்ட கணினியில் நிரல் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. மாற்றும் எளிதுதான். இரண்டாவது அணியை 16 பைட் தள்ளி 80-இல் தொடங்கினால் அது தொகுதி 5 ஆகிவிடும். இடம் 1-இல் போய் உட்காரும். எட்டு மிஸ் இரண்டாகக் குறைந்துவிடும். அணிகளுக்கு நடுவே வேண்டுமென்றே வெற்றிடம் விடும் பழக்கம் இதனால்தான் வந்தது.

ஆனால் நம் வரிசையில் அணி 64-இலேயே இருக்கட்டும். இரண்டாவது வரியில்தான் எனக்குப் பிடித்த பகுதி இருக்கிறது. தொகுதிகள் 0, 2, 4 என்று சுற்றுகின்றன. டைரக்ட் மேப்டு கேஷில் 0-உம் 4-உம் பழையபடி இடம் 0-க்குச் சண்டையிடும். தொகுதி 2 மட்டும் இடம் 2-இல் நிம்மதியாக இருக்கும். முதல் சுற்றில் மிஸ், அடுத்த இரண்டு சுற்றிலும் ஹிட். ஆக 2 ஹிட், 7 மிஸ்.

செட் அசோசியேட்டிவ் கேஷில் மூன்றும் இரட்டைப்படை எண்கள்; ஆகவே மூன்றும் செட் 0-க்கே வரும். செட் 1 காலி. நகலெடுப்பு முடிந்தபோது செட்டில் 0, 4 இரண்டும் இருந்தன. அதனால் முதல் 0 ஹிட். பிறகு 2 வருகிறது, அதிக நேரம் தொடப்படாத 4 வெளியேறுகிறது. அடுத்து கேட்கப்படுவதே 4 தான்! அது வரும்போது 0 வெளியேறுகிறது. அடுத்து கேட்கப்படுவது 0. இப்படி, அடுத்த கணம் தேவைப்படப்போவதையே எல்.ஆர்.யூ. ஒவ்வொரு முறையும் தேடிப்பிடித்து வெளியேற்றுகிறது. 1 ஹிட், 8 மிஸ்.

மொத்தமாகப் பார்த்தால் 17 அணுகல்களில் டைரக்ட் மேப்டு கேஷுக்கு 2 ஹிட், 15 மிஸ். செட் அசோசியேட்டிவ் கேஷுக்கு 7 ஹிட், 10 மிஸ். ஆனால் அந்தச் சுற்று தொடர்ந்தால் முன்னதற்குச் சுற்றுக்கு ஒரு ஹிட் கூடிக்கொண்டே போகும். பின்னது 7-இலேயே நின்றுவிடும். எட்டாவது சுற்றில் இரண்டும் சமம். ஒன்பதாவது சுற்றில் டைரக்ட் மேப்டு முந்திவிடும்.

எந்தத் தொகுதியும் எந்த இடத்திலும் உட்காரலாம் என்று விட்டிருந்தால் மூன்றே மிஸ்தான் வந்திருக்கும்: மூன்று தொகுதிகளும் முதன்முதலில் உள்ளே வரும்போது ஏற்படுவது. அதைத் தவிர்க்க முடியாது. 15-இல் மீதி 12-உம் இடத் தகராறால் வந்தவை. மிஸ்களை இப்படி முதல் வருகை, கொள்ளளவு, மோதல் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை மார்க் ஹில் என்ற ஆய்வாளர் 1987-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்தார்.

அதே ஹில்தான் அடுத்த ஆண்டு டைரக்ட் மேப்டு கேஷுக்கு ஆதரவாகவும் எழுதினார். அதில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே என்பதால், சரியான தொகுதிதானா என்று சரிபார்க்கும்போதே தரவையும் எடுத்து அனுப்பிவிடலாம். செட்டில் பல இடங்கள் இருந்தால் எது சரி என்று தேர்ந்தெடுக்கும் வேலை கூடுதல். மிஸ் கொஞ்சம் கூடினாலும் ஒவ்வொரு ஹிட்டும் வேகமாக வந்தால் மொத்தத்தில் லாபமாகலாம் என்பது அவர் வாதம். 1992-இல் வந்த ஆல்ஃபா 21064 செயலியின் 8 கிலோபைட் கேஷ்கள் டைரக்ட் மேப்டு வகையே.

இன்று மேசைக் கணினிகளின் முதல் நிலை கேஷ் பெரும்பாலும் எட்டு வழியோ அதற்கு மேலோ கொண்டது. எட்டு வழி, 32 கிலோபைட், 64 பைட் தொகுதி என்றால் 64 செட்டுகள். 4096 பைட் இடைவெளியுள்ள முகவரிகள் எல்லாம் ஒரே செட்டில் விழும். அப்படி ஒன்பது முகவரிகளைச் சுற்றிவந்தால், நம் 0, 2, 4 கதைதான் பெரிய அளவில். இரண்டின் அடுக்குகளாக அகலம் வைத்த அட்டவணையை நெடுக்குவாட்டில் படிக்கும் நிரல் திடீரென்று மந்தமானால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லினக்ஸில் நிரல் எழுதுபவர்கள் கேஷ்கிரைண்ட் என்ற கருவியால் இதைச் சோதிக்கலாம். அது எல்.ஆர்.யூ. விதிப்படியே ஒரு கேஷைப் பாவனை செய்து மிஸ்களை எண்ணித் தரும்.

```
valgrind --tool=cachegrind --cache-sim=yes --D1=32768,8,64 ./prog
valgrind --tool=cachegrind --cache-sim=yes --D1=32768,1,64 ./prog
```

நடுவிலுள்ள 8 எட்டு வழியைக் குறிக்கும். 1 என்றால் டைரக்ட் மேப்டு. உண்மையான செயலிகள் பல, எல்.ஆர்.யூ.-வை அப்படியே செய்யாமல் தோராயமாகத்தான் செய்கின்றன. அதனால் எண்ணிக்கை அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் எந்த வகை மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்லுமுன், உங்கள் நிரலை இரண்டு விதமாகவும் ஓட்டி, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.