டாலர் வந்தது, சான்று எங்கே?

வெளிநாட்டுக்காரருக்குச் செய்யும் வேலைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று ஃப்ரீலான்சர்கள் பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம்தான். ஆனால் அந்தப் பூஜ்ஜியம் தானாக வந்து உட்காருவதில்லை. செய்தது ஏற்றுமதிதான் என்று காகிதத்தில் காட்ட முடிந்தவருக்கே அது கிடைக்கும். காட்ட முடியாவிட்டால் அதே வேலைக்கு 18 சதவீதம் கேட்டு நோட்டீஸ் வரலாம்.

கோவையில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிரலாளரை எடுத்துக்கொள்வோம். சிகாகோவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மொபைல் செயலி எழுதித் தருகிறார். மாதம் 2,000 டாலர். கணக்கு எளிதாக இருக்க, ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,70,000 ரூபாய்.

இவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டுமா? தமிழ்நாட்டில் சேவை தருபவருக்கு எல்லை, ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய். வெளி மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ வேலை செய்தாலே முதல் ரூபாயிலிருந்து பதிவு கட்டாயம் என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. அந்தக் கட்டாயத்திலிருந்து சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் வரை 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஏற்றுமதிக்குத்தான் வரி இல்லையே என்று டாலர் வருமானத்தை 20 லட்சக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். சேர்த்தே ஆக வேண்டும். வரிவிலக்குள்ள வீட்டு வாடகை வந்தால் அதுவும் சேரும். நம் நிரலாளருக்கு 11 மாதத்தில் 18.7 லட்சம் ஆகிறது. பன்னிரண்டாவது மாதம் எல்லையைத் தாண்டுகிறார். அன்றிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் gst.gov.in தளத்தில். கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், புகைப்படம், முகவரிக்குச் சான்றாக மின்கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது போதும். வீட்டையே தொழில் முகவரியாகக் கொடுக்கலாம். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்க வேண்டும், வாடகை வீடு என்றால் ஒப்பந்தம் வேண்டும். கிடைக்கும் 15 இலக்க எண் தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். அதை அடுத்து அவருடைய பான் எண் அப்படியே வரும்.

பதிவு வந்த கையோடு பலர் இன்வாய்ஸ் அனுப்பிவிடுகிறார்கள். இடையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறேன், நிபந்தனை தவறினால் வட்டியோடு கட்டுகிறேன் என்ற உறுதிமொழியை அரசுக்குக் கொடுக்க வேண்டும். எல்.யு.டி. என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். அதே தளத்தில் GST RFD-11 என்ற படிவம், இரண்டு சாட்சிகளின் விவரம் கேட்கும், வைப்புத்தொகை இல்லை. இதைக் கொடுக்காதவர் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் 18 சதவீதத்தை, நம் கணக்கில் 30,600 ரூபாயை, முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

உறுதிமொழியின் ஆயுள் ஒரு நிதியாண்டுதான். மார்ச் 31 ஓடு முடிந்துவிடும். ஏப்ரல் முதல் வாரம் வழக்கம்போல இன்வாய்ஸ் போட்டுவிட்டு, ஜூன் மாதம் ஆடிட்டர் கேட்கும்போது விழிப்பவர்கள் இருக்கிறார்கள். நடைமுறையில் ஏற்பட்ட தாமதத்துக்காக ஏற்றுமதிச் சலுகையையே மறுக்கக் கூடாது, பின்தேதியிலிருந்தும் அனுமதிக்கலாம் என்று 2018 மார்ச்சில் வந்த 37 ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அது ஆறுதல்தான். ஆனாலும் அதிகாரியிடம் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைவிட மார்ச்சிலேயே புதுப்பித்துவிடுவது எளிது.

இப்போது இன்வாய்ஸ். நிதியாண்டுக்குள் திரும்ப வராத வரிசை எண், 16 எழுத்துக்கு மிகாமல். தேதி, தன் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், சிகாகோ நிறுவனத்தின் பெயர், முகவரி, நாடு. செய்த வேலையின் விவரமும் அதற்கான குறியீடும். மென்பொருள் வடிவமைப்பு, உருவாக்கத்துக்கு 998314. தொகை 2,000 டாலர், வரி பூஜ்ஜியம். அதோடு, சட்டம் கேட்கிற இந்த வரியும் இருக்க வேண்டும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

இனி பணம். சிகாகோவிலிருந்து 2,000 டாலர் கிளம்புகிறது. வழியில் இருக்கும் இடைவங்கி 20 டாலர் எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். வந்து சேரும் 1,980 டாலரை இவருடைய வங்கி 85 க்கு மாற்றாது, 84 க்கு மாற்றும். அது 1,66,320 ரூபாய். அந்நியச் செலாவணியை மாற்றித் தந்த சேவைக்கு ஜிஎஸ்டி சுமார் 240 ரூபாய். கையில் நிற்பது 1,66,080. ஏறக்குறைய 3,900 ரூபாய் எங்கே என்று தேடினால், பெரும்பகுதி மாற்று விகிதத்திலும் இடைவங்கியிலும்தான் போயிருக்கும். வங்கியின் கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஆனால் இன்வாய்ஸில் 2,000 என்பதை 1,980 ஆகத் திருத்தக் கூடாது. விற்றது 2,000 டாலருக்கு. 20 டாலர் வங்கிச் செலவு. கணக்குப் புத்தகத்தில் அப்படியே எழுத வேண்டும்.

பணம் வரும்போது வங்கி எதற்காக வந்தது என்று கேட்டு ஒரு பர்பஸ் கோடு பதியும். மென்பொருள் ஆலோசனைக்கு P0802. இதைக் கவனிக்காமல் விட்டால், வெளிநாட்டிலிருக்கும் உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பியதற்கான P1301 என்று பதிவாகிவிடலாம். அப்போது வங்கியின் பதிவேட்டில் அது வேலைக்கான கூலியே அல்ல. உடனே வங்கிக்கு இன்வாய்ஸை அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும்.

ஏற்றுமதி என்று சட்டம் ஏற்க, சேவைக்கான பணம் அந்நியச் செலாவணியில் வந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் மட்டும் ரூபாயும் செல்லும். பேபால் போன்ற இடைத்தளங்கள் வழியே வாங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். டாலரைத் தளமே மாற்றி ரூபாயாகக் கணக்கில் போடுகிறது. பாஸ்புக்கில் பார்த்தால் உள்ளூரில் யாரோ அனுப்பிய பணம் போலத்தான் தெரியும். ஆகவே பாஸ்புக் சான்றாகாது. பணம் வெளிநாட்டிலிருந்து எந்த நாணயத்தில் வந்தது என்று காட்டும் அந்நிய வரவு அறிவிப்பை, அதாவது ஃபிராவை, தளத்திடமிருந்தோ வங்கியிடமிருந்தோ வாங்கி, உரிய இன்வாய்ஸோடு சேர்த்து வைக்க வேண்டும். சிகாகோக்காரர் தன் சென்னை நண்பரிடம் சொல்லி யுபிஐயில் ரூபாயாக அனுப்பச் செய்தால், வேகமாக வரும். ஏற்றுமதி என்ற தகுதி போய்விடும்.

காலக்கெடுவும் உண்டு. சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குள் பணம் வராவிட்டால், கெடு நீட்டிப்பு பெறாத வரை, வரியை 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும்.

வருமான வரி தனிக் கணக்கு. அங்கே ஏற்றுமதி என்பதற்காகப் பூஜ்ஜியம் இல்லை. 2025–26 நிதியாண்டின் விதிப்படி, 44ADA பிரிவின் கீழ் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவு ரசீதுகளைக் கேட்க மாட்டார்கள். குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே உள்ள அந்தப் பட்டியலில் தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது. 20.4 லட்சத்தில் பாதி 10.2 லட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டால், புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை உள்ள தள்ளுபடியால் கட்ட வேண்டிய வரி எதுவும் வராது. ஆனாலும் ITR-4 தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வங்கியில் தன் பெயரில் கணக்கு வைத்திருந்தால் ITR-4 செல்லாது. ITR-3 எடுத்து, அந்தக் கணக்கை வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும்.