விடுப்பு விண்ணப்பத்தைச் சரிபார்த்தல்

கல்லூரி மாணவர் தமிழில் எழுதும் விடுப்பு விண்ணப்பம் அரைப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. அந்த அரைப் பக்கத்துக்குள் பிழைக்கு இடம் நிறைய உண்டு. இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் துறைத் தலைவருக்கு எழுதிய முதல் வரைவு இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்:

"பெறுனர்: துறை தலைவர். ஐயா, எனக்கு காய்ச்சலாக இருக்கு. டாக்டர் ரெஸ்ட் எடுக்க சொன்னார். அதனால் 18.8.2025 முதல் 20.8.2025 வரை இரண்டு நாள் விடுமுறை தருமாறு பனிவுடன் கேட்டு கொள்கிறேன்."

செய்தி புரிகிறது. ஆனாலும் இதை அப்படியே கொடுத்துவிட முடியாது. எழுத்துப் பிழைகளுக்குப் போகுமுன் தகவலைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் பதிவேட்டில் ஏறுவது அதுதான். 18 முதல் 20 வரை என்றால் இரண்டு முனைகளும் சேர்ந்து மூன்று நாள். தேதி ஒன்று சொல்ல, எண்ணிக்கை வேறொன்று சொன்னால், மூன்றாம் நாள் வருகைப்பதிவில் வராதவர் என்று விழுந்துவிடலாம். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல இருக்கையில் ஒரு நாள் கூடச் சிறிய விஷயமன்று.

அடுத்தது சொல் தேர்வு. இந்த வரைவில் பெரிய பிழை 'விடுமுறை'. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நிறுவனம் எல்லோருக்கும் விடுவது விடுமுறை. ஒருவர் தம் காரணத்துக்காகக் கேட்டுப் பெறுவது விடுப்பு. 'விடுமுறை' என்பது பிழையில்லாமல் எழுதப்பட்ட சொல் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இதைக் காட்டிக்கொடுக்காது. 'இருக்கு' பேச்சு வழக்கு, 'இருக்கிறது' என்றாக வேண்டும். டாக்டர், ரெஸ்ட் ஆகியவை மருத்துவர், ஓய்வு என்று மாறும். அதற்காகப் பாதம் பணிந்து வேண்டும் அளவுக்கு நடையை ஏற்றத் தேவையில்லை. முன்னிலையில் 'தாங்கள்', 'தங்கள்' என்று தொடங்கினால் கடைசி வரை அதுவே வர வேண்டும்; நடுவில் 'உங்கள்' நுழைந்தால் நடை உடைந்து தெரியும்.

எழுத்துப் பிழைகள் இரண்டு வகை. அவற்றைப் பிடிக்கும் வழியும் வேறு வேறு. முதல் வகை சந்தி. நான்காம் வேற்றுமை உருபான 'கு'வுக்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே 'எனக்குக் காய்ச்சல்'. அதே போல 'எடுக்கச் சொன்னார்', 'கேட்டுக்கொள்கிறேன்', 'துறைத் தலைவர்'. விண்ணப்பத்தை வாய்விட்டு நிதானமாகப் படித்தால் இவற்றில் பெரும்பாலானவை காதுக்கே தட்டுப்படும். பொருள் வரியில் வரும் 'விடுப்புக் கோருதல்' மட்டும் பலருக்கு நழுவும். 'ப்பு' என்று முடியும் சொல்லுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாம் வகைக்குக் காது உதவாது. 'பனிவுடன்' என்பதும் 'பணிவுடன்' என்பதும் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அக்காவின் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்பவர் 'திருமனம்' என்று எழுதிவிடுவதும் இதனால்தான். ன, ண, ந வரும் சொற்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பதே வழி. 'பெறுனர்' இந்த வகையின் பழைய பிழை. 'பெறு' என்னும் வினையோடு 'நர்' விகுதி சேர்ந்து பெறுநர், அப்படியே அனுப்புநர். அச்சடித்த படிவங்களிலேயே இது தவறாக இருப்பதுண்டு, அதனால் படிவத்தைப் பார்த்து எழுதுவது பாதுகாப்பில்லை.

திருத்திய பிறகு உடல்பகுதி இவ்வாறு அமையும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தங்கள் துறையில் இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால் ஓய்வெடுக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். ஆகவே, 18.8.2025 முதல் 20.8.2025 வரை மூன்று நாள் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மேலே அனுப்புநர் பகுதியில் பெயர், வகுப்பு, பதிவு எண். பெறுநர் பகுதியில் பதவியும் கல்லூரியும். வகுப்புப் பொறுப்பாசிரியர் கையெழுத்திட்டு அனுப்பும் வழக்கம் உள்ள கல்லூரியில் 'வழி' என்று ஒரு வரி நடுவில் வரும். கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்பதன் அடியில் கையொப்பம், இடப்பக்கம் இடமும் நாளும். மருத்துவச் சான்றிதழ் சேர்த்தால் 'இணைப்பு' என்று கடைசியில் குறிக்க வேண்டும். சான்றிதழில் மருத்துவர் எழுதிய தேதிகளும் விண்ணப்பத்தின் தேதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தாளை உள்ளே கொடுக்கலாம்.