பக்கத்து அறைச் சத்தமும் அறை மாற்றமும்

விடுதி ரிசப்ஷனுக்கு இரவில் வரும் புகார்களில் பக்கத்து அறைச் சத்தம் அடிக்கடி வருவது. முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் தங்கும் விடுதிகளில் கேட்கவே வேண்டாம். மதுரையில் நடுத்தர விடுதி ஒன்றில் இரவு 11.20 மணி என்று வைத்துக்கொள்வோம். 304-ஆம் அறையில் வயதான தம்பதி. அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். 305-இல் மாப்பிள்ளையின் நண்பர்கள் சீட்டாட்டமும் பாட்டுமாக இருக்கிறார்கள். பெரியவர் ரிசப்ஷனுக்கு போன் செய்கிறார்.

போனை எடுப்பவர் முதலில் முழுவதையும் கேட்டு, எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு நேரமாகச் சத்தம் வருகிறது என்று விசாரிக்க வேண்டும். பிறகு பதிவேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். "பத்து நிமிடத்தில் நானே திரும்பக் கூப்பிடுகிறேன் சார்" என்று நேரம் சொல்லி வைப்பதுதான் சரி. "பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டால், பெரியவர் பதினைந்து நிமிடத்தில் கோபத்தோடு மறுபடி கூப்பிடுவார்.

அடுத்து, டூட்டி மேனேஜரோ இரவுப் பொறுப்பாளரோ நேரில் போய் வராந்தாவில் நின்று கேட்க வேண்டும். பக்கத்து அறை என்று விருந்தினர் நினைப்பது மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தமாகவும் இருக்கலாம். சத்தம் 305-லிருந்துதான் என்று உறுதியானதும் கதவைத் தட்டலாம். ஆனால் தனியாகப் போகக் கூடாது, செக்யூரிட்டி ஒருவர் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. புகார் சொன்னது யார் என்பதும் வெளியே வரக் கூடாது. "தம்பி, இந்த மாடியில எல்லாரும் தூங்குற நேரம், கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கணும்" என்றால் போதும். "பக்கத்து ரூம் பெரியவர் சொன்னார்" என்று வாய் தவறினால், விடிந்ததும் வராந்தாவில் இரண்டு தரப்புக்கும் வாய்த்தகராறுதான்.

பல நேரம் இதோடு சத்தம் அடங்கிவிடும். அரை மணி நேரத்தில் மீண்டும் தொடங்கினால், முன்பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்து எச்சரிக்க வேண்டும். பெரியவருக்கு அறை மாற்றித் தருவதாகவும் அப்போதே சொல்லலாம். தொல்லை கொடுத்தவர்களை விட்டுவிட்டுத் தொல்லைப்பட்டவரை நகர்த்துவது நியாயமில்லைதான். ஆனால் ஏழெட்டுப் பேரை நள்ளிரவில் கிளப்புவது இன்னும் பெரிய சத்தம். ஆகவே மாறுவதா வேண்டாமா என்பதை விருந்தினரின் விருப்பத்துக்கே விட வேண்டும்.

புது அறையைக் கணினித் திரையை மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது. அது 305-க்கு நேர் மேலோ கீழோ இருக்கக் கூடாது. லிஃப்டை ஒட்டியும் இருக்கக் கூடாது. அதே தரத்தில் அல்லது அதற்கு மேலான தரத்தில், பழைய வாடகைக்கே தர வேண்டும். 512 காலி என்று திரை காட்டினாலும் ஒருவர் போய் ஏசி, வெந்நீர், படுக்கை விரிப்பு மூன்றையும் பார்த்துவிட்டு, அங்கே இரண்டு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது அறையும் சரியில்லை என்றால் மூன்றாவது வாய்ப்பை எந்த விருந்தினரும் தரமாட்டார்.

புதிய கீ கார்டை ரூம் பாய் மேலேயே கொண்டுபோக வேண்டும். பெரியவரை ரிசப்ஷனுக்கு இறங்கிவரச் சொல்லக் கூடாது. சாமான்களை அவர் முன்னிலையிலேயே எடுத்து, குளியலறை, லாக்கர், சார்ஜர் மாட்டிய பிளக், தலையணைக்கு அடியில் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பழைய கார்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

பெரும்பாலான தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. அறை மாற்றத்தைக் கணினியில் அந்த நிமிடமே பதிய வேண்டும். ஆள் 512-க்குப் போய்விட்டார், கணினியில் இன்னும் 304-இல் இருக்கிறார் என்றால், அதிகாலை 4.30-க்குக் கேட்டிருந்த எழுப்பும் அழைப்பு காலி அறையில் மணியடிக்கும். பெரியவர் ரயிலை விடுவார். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தால்கூட ரயிலாவது கிடைத்திருக்கும். எழுப்பும் அழைப்பு தனிக் குறிப்பேட்டில் எழுதப்படும் விடுதிகளில் அதையும் கையோடு திருத்த வேண்டும். சலவைக்குக் கொடுத்த துணி, காலை உணவு, உணவக பில், காருக்கான டோக்கன் ஆகியவற்றிலும் அறை எண் மாற வேண்டும். 304-ஐச் சுத்தம் செய்ய வேண்டிய அறை என்று குறிக்காவிட்டால், கசங்கிய படுக்கையோடு அது அடுத்தவருக்குப் போய்விடும்.

விடுதி நிரம்பியிருந்தால் அறை மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, 305-ஐ அடக்குவதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். வாடகையில் கழிவு தருவதை இரவுப் பணியாளர் தன் அதிகார வரம்புக்கு மேல் வாக்களிக்கக் கூடாது. காலையில் மேலாளர் பேசுவார் என்று சொல்லி, அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

புது அறைக்குப் போன கால் மணி நேரத்துக்குள் ஒரு முறை கூப்பிட்டு வசதியா என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு தூங்கவிட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது இந்தப் புகாரை வாயாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் காலைப் பணியாளர், "நல்லாத் தூங்கினீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவைப்பார். இந்தப் பெரியவர் விடியுமுன் கிளம்புவதால் வருத்தம் தெரிவிப்பதும் கழிவு பற்றிய முடிவும் கிளம்பும் நேரத்துக்குள் ஆகிவிட வேண்டும்.

கடைசியாக அறைகளையும் பார்க்க வேண்டும். 304-க்கும் 305-க்கும் நடுவே இணைப்புக் கதவு இருந்தால், அதன் அடியிடுக்கு வழியாகச் சாதாரணப் பேச்சே தெளிவாகக் கேட்கும். ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடைத்தால் குறையும், முழுதும் நிற்காது. இத்தகைய இரண்டு அறைகளை ஒரே குடும்பத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது.