அம்மாவின் அட்டிகைக்கு எது சரியான விலை?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் அம்மா காலமான சில மாதங்களில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து வங்கி லாக்கரைத் திறக்கிறார்கள். நகைகளைத் தராசில் வைத்து, "உனக்கு எட்டுப் பவுன், எனக்கு எட்டுப் பவுன்" என்று பிரித்துக்கொள்கிறார்கள். சண்டையில்லாமல் முடிந்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பங்கீட்டில் ஒருவருக்கு லட்சக்கணக்கில் இழப்பு நேர்ந்திருக்கலாம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நகை மகளுக்குத்தான் என்பது குடும்ப வழக்கம் மட்டுமே. உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. நகையும் இதில் அடக்கம். சமபங்கு என்றால் சம மதிப்பு. எடை சமமாக இருந்தால் மதிப்பும் சமமாக இருக்கும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு ஹால்மார்க் முத்திரையுள்ள 64 கிராம் சங்கிலி. தங்கைக்கு, பாட்டி காலத்து 64 கிராம் கெம்பு அட்டிகை. இரண்டும் எட்டுப் பவுன்.

அட்டிகையில் கெம்புக் கற்கள் 12 கிராம், கல்லுக்கு அடியில் அடைத்த அரக்கு 4 கிராம் என்றால் தங்கம் 48 கிராம்தான். அந்தக் காலத்துப் பற்றவைப்புப் பொடியில் தங்கம் குறைவு என்பதால் மொத்தத் தரம் 84 சதவீதம் என்று வருகிறது. 916 தரத்துக்கு மாற்றினால் 44 கிராம். கடைக்காரர் உருக்குக் கழிவு 3 சதவீதம் பிடித்தால் தங்கையின் கைக்கு வருவது ஏறக்குறைய 4,27,000 ரூபாய். அக்காவின் சங்கிலிக்கும் அதே கழிவைப் பிடித்தால் 6,20,800 ரூபாய். 'சமமாக'ப் பிரித்ததில் வித்தியாசம் 1,94,000. அக்கா தங்கைக்கு 97,000 ரூபாய் கொடுத்தால்தான் பங்கு நேராகும்.

அதே அட்டிகையைத் தி.நகரில் புதிதாகச் செய்யக் கொடுத்தால் கணக்கு வேறு. 48 கிராம் தங்கம் 4,80,000. சேதாரம் 18 சதவீதம் என்றால் 86,400. கல்லுக்கும் பதிக்கும் கூலிக்கும் ஒரு 30,000. மொத்தத்துக்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 6,14,000 ரூபாயைத் தாண்டும். இதைத்தான் மாற்று மதிப்பு என்கிறார்கள். நகை தொலைந்தால் அதேபோல் இன்னொன்று வாங்க ஆகும் செலவு அது. காப்பீட்டுக்கு இந்தத் தொகைதான் வேண்டும். விற்கப் போனால் சேதாரமும் கூலியும் வரியும் ஒரு பைசாகூடத் திரும்பி வராது.

ஆகவே மதிப்பீட்டாளரிடம் "இதன் விலை என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்காக மதிப்பு வேண்டும் என்பதைச் சொல்லி, அதை அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு எழுதிய அறிக்கையை வைத்துப் பங்கு பிரித்தால், பழைய நகையை எடுத்துக்கொள்பவர் இல்லாத பணத்துக்கு ஈடு கட்டுவார். நகைக்கடனுக்காக வங்கி போடும் மதிப்பும் பங்கீட்டுக்கு உதவாது. அதில் கல்லுக்கு மதிப்பே கிடையாது.

கல் என்றதும் வைரத்தோட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. "எங்கள் பாட்டியின் ஏழுகல் தோடு, அசல் ப்ளூ ஜாகர்" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் மயிலாப்பூரில் நிறைய. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து வைரங்களால் வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. நீலச்சாயல் வெள்ளைக் கல் எதையும் அந்தப் பெயரால் அழைப்பது வியாபார வழக்கமாகிவிட்டது. பெயருக்கு விலை இல்லை. நிறம், தெளிவு, எடை, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் தன்மை ஆகியவற்றுக்குத்தான் விலை.

பழைய தோடுகளில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். அப்படியே வைத்து அளவெடுத்துச் சொல்லும் காரட் எடையும் நிறமும் உத்தேசம்தான். அறிக்கையில் 'கல்லைக் கழற்றாமல் மதிப்பிட்டது' என்ற குறிப்பு இருக்க வேண்டும். பெரிய தொகை என்றால் கல்லைக் கழற்றி ஆய்வகச் சான்று வாங்குவது நல்லது. ஆனால் அந்தப் பழைய வேலைப்பாடு குலையலாம், முடிவைக் குடும்பம் சேர்ந்து எடுக்கட்டும். இடையில் எப்போதாவது பாலிஷுக்கோ பழுதுக்கோ கொடுத்த நகை என்றால், கல் மாறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடைகளில் வைத்திருக்கும் பேனா போன்ற சோதனைக் கருவி ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் வைரம் என்றே காட்டும்.

தங்கத்தின் தரத்தை அறிய பி.ஐ.எஸ். அங்கீகரித்த தரச்சோதனை, ஹால்மார்க் மையத்துக்கு நீங்களே நகையைக் கொண்டுபோகலாம். நான்கு உருப்படிகள் வரை சோதிக்க 200 ரூபாய் என்று பி.ஐ.எஸ். அறிவித்தது. காரட் மீட்டர் நகையின் மேற்பரப்பை மட்டும் படிக்கும் என்பதால், முலாம் பூசிய பழைய நகையில் இரண்டு மூன்று இடங்களில் பார்க்கச் சொல்ல வேண்டும். கடைக்காரர் உருக்கிப் பார்க்கலாம் என்றால், கழிவு எத்தனை சதவீதம் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். உருக்கிய பின் அட்டிகையும் இல்லை, பேரமும் இல்லை.

மதிப்பீட்டாளரைத் தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியது அவர் எந்தப் பதிவு பெற்றவர் என்பது. நகைக்கெனப் பதிவு பெற்றவர்களின் அறிக்கையைத்தான் வருமான வரி விவகாரங்களில் கேட்கிறார்கள். ஐ.பி.பி.ஐ. பதிவைக் காட்டினால் ஏமாற வேண்டாம். அந்தப் பதிவு நிலம்-கட்டடம், இயந்திரம், பங்குப் பத்திரம் என்ற மூன்று வகைக்குத்தான், நகைக்கு இல்லை. அதைவிட முக்கியம், மதிப்பு போடுகிறவரே "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வாங்குகிறவருக்கு விலை குறைவாக இருப்பதே லாபம். கட்டணத்தை முதலிலேயே பேசுங்கள், உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள். மொத்த எடை, நிகர எடை, தரம் சோதித்த முறை, கணக்கிட்ட நாளின் தங்க விலை, புகைப்படம், பதிவு எண் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும்.

விற்கும்போது வரியும் உண்டு. வாரிசாக நகை பெறுவதற்கு வரி இல்லை. விற்றாலோ, பழசைப் போட்டுப் புதுசு எடுத்தாலோ ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் கட்ட வேண்டி வரும். 2001-க்கு முன் வாங்கிய நகைக்கு 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அதற்கும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையே ஆதாரம்.

ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால், குறைவுத் தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற 2018-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகள் வழி செய்கின்றன. முத்திரை இல்லாத பழைய நகைக்கு இது பொருந்தாது. கட்டணம் வாங்கிக்கொண்டு தவறான அறிக்கை தந்த மதிப்பீட்டாளர் மீதும், எடையில் ஏமாற்றிய கடை மீதும் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ரசீதையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள், அவை இல்லாமல் புகார் நிற்காது.